வீட்டுக்குள் பாத்ரூம் வந்த பிறகு வாளியை யார் தூக்குவது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன், எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கை. அந்தத் தங்கையின் காலைப் பொழுதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு வீட்டில் கக்கூஸ் கட்டியாயிற்று என்றதும் நாம் கதையை முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை.

முன்பெல்லாம் அந்தப் பெண்ணும் அம்மாவும் வெளிக்குப் போவது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் விளைக்கு. ரப்பர் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதில் உள்ள தொல்லை புரியும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், வெட்டுகிறவர்கள் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். அந்த வெளிச்சம் வருவதற்குள் இவர்கள் திரும்பிவிட வேண்டும். "மக்களே, எழும்பு" என்று அம்மா எழுப்பும்போது கோழிகூடக் கூவியிருக்காது. அதற்குப் பயந்தே சாயங்காலக் காப்பிக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். மாதத்தில் அந்த மூன்று நாள் பாடு தனி.

அப்புறம் 2014-ல் தூய்மை இந்தியா திட்டம் வந்தது. அதில் கிடைத்த 12,000 ரூபாயோடு கைக்காசும் போட்டு, அடுக்களைக்குப் பின்பக்கம் வீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒரே கூரைக்குக் கீழ் கக்கூஸா என்று பாட்டி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். முழங்கால் வலி வந்ததும் முதலில் உள்ளே போனது அவர்தான். அதை விடுங்கள்.

குழி விஷயத்தில் கொத்தனார் ஒழுங்கானவர். ஆழமாக ஒரே குழி போதுமே என்று அப்பா கேட்டதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஆழக் குழி தோண்டினால் ஊற்று ஏறி குழியைத் தொடும், பிறகு கிணற்றுக்குப் போகும். அதனால் ஆளுக்குப் பாதி உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் இரண்டு குழி, கிணற்றிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி. ஒன்று நிறைந்தால் அதை மூடி, மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடியது இரண்டு வருடம் அப்படியே கிடந்தால் மண்ணாகிவிடும்.

கோட்டை விட்டது கக்கூஸ் பீங்கானில். கடையில் பளபளவென்று இருந்த, அடிப்பக்கம் தட்டையான ஒன்றை அப்பா வாங்கி வந்துவிட்டார். மோட்டாரும் மேல்தொட்டியும் உள்ள வீட்டுக்கு அது சரி. இங்கே கிணற்றில் இறைத்துச் சுமக்கிற தண்ணீர். இந்த மாதிரிக் குழிக்கென்றே அடி நல்ல சரிவான பீங்கான் இருக்கிறது. அதன் கீழ் வளைவில் 2 சென்டிமீட்டர் தண்ணீர்தான் நிற்கும். வாடையை அடைக்க அது போதும், ஒன்றரை இரண்டு லிட்டர் ஊற்றினாலே எல்லாம் போய்விடும். தட்டையானதும் ஆழ வளைவும் சேர்ந்தால் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் வரை இழுக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். வீட்டில் ஐந்து பேர். காலையில் ஊற்ற மட்டும் 50 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் மூன்றுக்கு மேல். சரிவான பீங்கானாக இருந்திருந்தால் 10 லிட்டர், ஒரு வாளி நிறையக்கூட வேண்டாம். குளியல் தண்ணீர் தனி. முன்பு விளையில் ஆளுக்கு ஒரு செம்போடு முடிந்த வேலை இது.

அந்த வாளிகளைத் தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். அம்மா அடுக்களையில். அண்ணனோ ஆண்பிள்ளை, அவனைக் கேட்கவே மாட்டார்கள். இருட்டில் எழும்புவது போயிற்று, பயம் போயிற்று, ராத்திரி தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறாள். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனால் மிச்சமான தூக்கத்தில் பாதியைக் கிணற்றடி தின்றுவிட்டது. முதல் மாதங்களில் பள்ளிக்கூட பஸ்ஸை அவள் தவறவிட்டதும் உண்டு. கட்டி முடித்த கக்கூஸ்களை எண்ணுகிறவர்கள் இதை எண்ணுவதில்லை. அந்த 12,000-க்குள் தண்ணீர் சேமிக்கும் வசதியும் அடக்கம் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

கடைசியில் அந்தப் பெண்ணே சண்டை போட்டாள். தரையைக் கொஞ்சம் உடைத்து, சரிவான பீங்கானை மாற்றி வைத்தார்கள். பழைய பீங்கானின் விலையும் கொத்தனார் கூலியும் நஷ்டம். புதிதாகக் கட்டுகிறவர்கள் சிமெண்ட் போடும் முன் அடியின் சரிவைப் பாருங்கள், வேண்டாமென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே கட்டியவர்கள் ஒரு பெரிய மக் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பாருங்கள். போகாமல் நின்றால், ஒன்று பீங்கான் தட்டை, அல்லது குழாய்க்குச் சரிவு போதாது. வாடை வந்தால் வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்த வீட்டில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. யார் உள்ளே போனாலும் வெளியே வரும்போது வாளி நிறைந்திருக்க வேண்டும். அண்ணனுக்கும் சேர்த்துத்தான். அவன் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு, மேல்தொட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறான்.