வளைந்த ரம்பக் கோடு 18ஆம் நூற்றாண்டைக் காட்டாது

பழைய மரச்சாமான்களின் மேல் ஒட்டும் மெல்லிய மரத் தகடுதான் வெனீர். அதை வைத்து வயது சொல்பவர்கள் இப்படிச் சொல்வதுண்டு: "வெனீரின் அடியில் வளைந்த ரம்பக் கோடுகள், பொடியாக உதிரும் வச்சிரப் பசை. இரண்டும் இருந்தால் 18ஆம் நூற்றாண்டுப் பொருள்தான், சந்தேகமே வேண்டாம்."

இந்த நம்பிக்கையில் பணம் கொடுத்துவிடாதீர்கள். வளைந்த கோடு வட்ட ரம்பத்தின் தடம். வெனீர் அறுக்க அது பரவியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கை ரம்பத்தால் அறுத்த பழைய வெனீரில் கோடுகள் ஏறக்குறைய நேராக, இடைவெளி சீரில்லாமல் இருக்கும். தடிமனும் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். மிக நெருக்கமான, ஒரே சீரான நேர்கோடுகளைக் கண்டால் அவசரப்பட வேண்டாம். பசை பிடிப்பதற்காகப் பல் இழைப்புளியால் கீறியதாக இருக்கலாம்.

பசையைப் பற்றிச் சொன்னது இன்னும் ஆபத்தானது. வச்சிரப் பசையை இன்றும் பழுதுபார்ப்போர் காய்ச்சுகிறார்கள். வறண்ட, சூடான அறையில் சில பத்தாண்டுகளிலேயே அது நொறுங்கிவிடும். வெந்நீரில் இளகினால் பசையின் வகை தெரியும், வயது தெரியாது.

தன் இழுப்பறையின் வயதைப் பற்றி இங்கே எழுதியவருக்கு: முகப்பு வெனீர் அரை மில்லிமீட்டர், அடியில் ரம்பக் கோடே இல்லை என்கிறீர்கள். அது கத்தியால் சீவிய வெனீர்; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் உடல் அதைவிடப் பழையதாக இருந்து, முகப்பை மட்டும் யாராவது மாற்றியிருக்கலாம். பதித்த பூவேலையின் ஓரத்திலும் தடிமனை அளந்து சொல்லுங்கள். அதுவரை எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.