பூனைக்கு மணி கட்டியாச்சு, அப்புறம்?

வீட்டுப் பூனை குருவி பிடிக்குதுன்னு யாரிடம் புலம்பினாலும் கிடைக்கிற முதல் யோசனை, "கழுத்துல ஒரு மணியைக் கட்டிவிடுங்க". கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மணியை நம்பிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். தோட்டத்துக் குருவிகளுக்கு மணியைவிடக் கதவுத் தாழ்ப்பாள்தான் உதவும்.

பூனை வேட்டையாடுவதை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் வயிறு தரையில் பட, வால் நுனி மட்டும் லேசாக ஆட, அப்படியே கிடக்கும். அசையாத கழுத்தில் மணி எப்படி அடிக்கும்? கடைசிப் பாய்ச்சலில்தான் சத்தம் வரும். அந்த ஒரு நொடியில் வளர்ந்த கொண்டைக்குருவி எழுந்து பறந்துவிடலாம். பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மணி கட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 41% குறைந்தன. 2021இல் அங்குள்ள எக்ஸிடர் பல்கலைக்கழகம் பார்த்தபோதோ மணியால் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் தெரியவில்லை.

இரண்டிலும் எண்ணப்பட்டது பூனை வீட்டுக்குக் கொண்டுவந்தது மட்டும்தான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பூனைகளின் கழுத்தில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பிடித்ததில் கால்பங்குகூட வீடு வந்து சேரவில்லை. மீதி அங்கேயே தின்னப்பட்டது, அல்லது கொன்று போடப்பட்டது. அதனால் "எங்க பூனை எதையும் பிடிக்காது, வாசலில் ஒரு இறகுகூடப் பார்த்ததில்லை" என்கிற பேச்சை நான் நம்புவதில்லை.

மணி சுத்தமாகத் தோற்கிற இடம் குஞ்சுகள். எங்கள் பக்கத்தில் மாசி பங்குனி தொடங்கினாலே கொண்டைக்குருவி செம்பருத்தியிலோ கறிவேப்பிலையிலோ கைக்கெட்டும் உயரத்தில் கூடு வைத்துவிடும். பொரித்து இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிவிடும். வால் முளைத்திருக்காது, பறக்கவும் வராது. சில நாட்கள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் திரியும், தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும். மணி கணீரென்று அடித்தாலும் அது எங்கே போகும்?

ஒரே புதருக்குள் பெரிய குருவி அலகில் புழுவோடு திரும்பத் திரும்ப நுழைந்தால், உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து குஞ்சுகள் நன்றாகப் பறக்கிறவரை பூனைக்கு வெளியே வேலை இல்லை. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே பூனையோ பாம்போ இருக்கிறது, உடனே போய்ப் பாருங்கள்.

மற்ற நாட்களில் ஊரடங்கு. சாயங்காலம் மட்டும் அடைத்துவிட்டு விடியற்காலை பால்காரர் வரும்போது கதவைத் திறந்துவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். பொழுது சாய்வதற்கு முன்னும் விடிந்த உடனேயும்தான் குருவிகள் மும்முரமாக இரை தேடும். ஐந்து மணிக்கெல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும், காலையில் வெயில் ஏறும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். விரட்டிப் பிடித்து அடைக்க முடியாது. அன்றைய பெரிய சாப்பாடு ஐந்து மணிக்கு, வீட்டுக்குள், டப்பாவைக் குலுக்கிக் கூப்பிட்டு. பசியே அதை உள்ளே கொண்டுவந்துவிடும். முதல் சில இரவுகள் கதவைப் பிறாண்டிக் கத்தும். பாவமென்று ஒரு தடவை திறந்துவிட்டால், கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

சாப்பாடு என்றால் தயிர்சாதம் இல்லை. அதே எக்ஸிடர் ஆய்வில் இறைச்சிச் சத்து நிறைந்த உணவு கொடுத்த பூனைகள் கொண்டுவந்த இரை 36% குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் கயிறு, இறகு வைத்து விளையாட்டுக் காட்டியதில் 25%. மீனோ கோழியோ போடாமல் பாலும் சோறும் மட்டும் போட்டுவிட்டு "வேட்டைக்குப் போகுதே" என்றால் என்ன நியாயம்?

"பூனையை வளர்க்கிறதே எலி பிடிக்கத்தானே" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. எலி ராத்திரிதானே வரும்? அடுக்களையும் ஸ்டோர் ரூமும் திறந்திருக்கட்டும், அங்கே பிடிக்கட்டும்.

வெளியே விடுவது பத்து மணிக்கு மேல், அரை மணி நேரம், நீங்கள் கூடவே இருந்து. உடம்புப் பட்டையில் கயிறு கட்டியிருந்தால் நல்லது. கையில் போன் இருந்தால் அது காவல் கணக்கில் வராது. மணி கட்டுகிற கழுத்துப்பட்டை, எங்காவது மாட்டி இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும். இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி போதும்.

அதையும் மீறிப் பூனை வாயிலிருந்து ஒரு குருவியைப் பிடுங்கிவிட்டால், காயம் தெரியவில்லை என்று பறக்கவிடாதீர்கள். பூனை எச்சிலில் உள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் அதைக் கொன்றுவிடலாம். துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரை ஏறும்.

வெயிலுக்குக் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கிறவர்கள் அந்தச் சட்டியைப் புதரோரத்திலிருந்து ஆறேழு அடி தள்ளித் திறந்த இடத்தில் வையுங்கள்.