ஒரு ‘லாம்’ தின்ற நான்கு மணி நேரம்

எங்கள் பாய்லரில் நிற்கும் தம்பி ஒருவனுக்கு, கூடுதலாக வேலை செய்த நான்கு மணி நேரத்துக்கு ஓ.டி. பணம் வரவில்லை என்று போன வாரம் எழுதினேனே, அந்தச் சம்பளச் சீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. ‘விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது’ என்று சம்பளக் கணக்குப் போடும் பேரோலில் இருந்து பதில் வந்துவிட்டது. விதிப்படி சரியாம். கம்பெனி சுற்றறிக்கையில் இருக்கும் அந்த விதியை நானும் படித்தேன், அவர்களும் படித்தார்கள். ஒரே வாக்கியம், ஆளுக்கு ஒரு அர்த்தம். பணத்தை இழந்தது மட்டும் அந்தத் தம்பி.

நடந்ததை இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் பலர் பாதிதான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு சி ஷிப்ட். ஞாயிறு காலை 6 மணிக்கு அவன் கிளம்ப வேண்டும். மாற்று ஆள் வரவில்லை. எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசை நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். பாய்லரை ஆள் இல்லாமல் விட முடியாது. சூப்பர்வைசரான நான்தான் சொன்னேன், “இருப்பா, ஓ.டி. போட்டுத் தரேன்” என்று. அவன் 10 மணி வரை நின்றான். ஓ.டி. சீட்டில் சனிக்கிழமை தேதி போட்டு, நான்கு மணி நேரம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். என் கணக்கில் அது சனிக்கிழமை ஷிப்டின் நீட்சி.

பேரோல் பார்த்தது பஞ்ச் நேரத்தை. 6 மணி வரை சனிக்கிழமை ஷிப்ட், சரி. அதற்குப் பிறகு வந்த நான்கு மணி நேரத்தை ஞாயிறு தேதியில் போட்டுவிட்டார்கள். ஞாயிறு அவனுக்கு வார விடுமுறை. அதனால் அது ‘விடுமுறை நாளில் வேலை’. நான்கு மணி நேரம் என்பதால் பணத்துக்குப் பதில் அரை நாள் மாற்று விடுமுறை, அதாவது காம்ப் ஆஃப். திரையில் அன்றைய கட்டத்தில் CO 0.5 என்று இருக்கிறது. ஓ.டி. கட்டத்தில் பூஜ்ஜியம்.

பணமாகப் பாருங்கள். அவனுடைய ஒரு நாள் சம்பளம் 700 ரூபாய். மணிக்கு 87.50. ஓ.டி. என்றால் இரட்டிப்பு, மணிக்கு 175. நான்கு மணி நேரத்துக்கு 700 ரூபாய் வந்திருக்க வேண்டும். கிடைத்தது 350 ரூபாய் பெறுமான அரை நாள் லீவு. அதையும் எடுக்க முடியாது, எட்டு மணி நேர ஷிப்டில் அரை நாள் எப்படி எடுப்பது? முப்பது நாளில் காலாவதி என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. காலாவதியும் ஆகிவிட்டது. ஓ.டி. என்று சீட்டு எழுதிய நான் காம்ப் ஆஃபுக்கு எதற்கு அனுமதி கொடுக்கப் போகிறேன்?

ஓ.டி. வேறு, காம்ப் ஆஃப் வேறு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கூடுதல் நேரம் வேலை செய்தானா என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை இரட்டிப்புச் சம்பளம். ஓய்வு நாள் பறிபோனதா என்பது இன்னொரு கேள்வி. அதற்கு விடை மாற்று விடுமுறை. ஒன்றைக் கொடுத்து மற்றதை அடைக்க முடியாது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 57-வது பிரிவு இதற்காகவே இருந்தது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் இருப்பவருக்கு விடுமுறை நாள் என்பது, அவருடைய ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாள் கணக்கில் சேரும். 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. இந்தத் தம்பி ஞாயிறு காலை 10 மணிக்குப் போய், திங்கள் மதியம் 2 மணிக்குத்தான் திரும்ப வந்தான். நடுவில் 28 மணி நேரம். அவனுக்கு ஓய்வு நாள் போகவே இல்லை. அதனால் காம்ப் ஆஃபுக்கு வேலையே இல்லை, வேண்டியது நான்கு மணி நேர ஓ.டி. மட்டும். வார விடுமுறை நிஜமாகவே பறிபோயிருந்தால், மாற்று விடுமுறையை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். முப்பது நாள் எங்கிருந்து வந்தது?

எங்கள் சுற்றறிக்கையின் வாக்கியம் இது: ‘முன் அனுமதி பெற்ற கூடுதல் நேரப் பணிக்கு ஓ.டி. அல்லது காம்ப் ஆஃப் வழங்கப்படலாம்.’ இந்த ‘லாம்’ யாருடைய ‘லாம்’? தொழிலாளி கேட்டு வாங்கலாமா, கம்பெனி விரும்பினால் கொடுக்கலாமா? ‘அல்லது’ என்றால் தேர்ந்தெடுப்பது யார்? ‘முன் அனுமதி’ என்றால் காலை 6 மணிக்கு நான் வாயால் சொன்னதா, முதல் நாளே கணினியில் ஏற்றியதா? மாற்று ஆள் வரமாட்டான் என்று முதல் நாளே எனக்கு எப்படித் தெரியும்?

‘சூப்பர்வைசர் நீங்கள்தானே, உங்கள் தவறுதானே’ என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், ஞாயிறு தேதியையும் சீட்டில் குறித்திருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு போன் செய்ய பேரோலில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. ‘சும்மா உட்கார்ந்து ஓ.டி. தேற்றுபவர்களும் இருக்கிறார்கள்’ என்கிறீர்கள். இருக்கிறார்கள். அவர்களைப் பிடிப்பது என் வேலை. அதற்காக, நிறுத்தி வைக்கப்பட்டவனின் கூலியைப் பிடிப்பதா? அவன் வேலை செய்தான், நாங்கள் செய்ய விட்டோம். சீட்டு தாமதமானால் என்னைக் கேளுங்கள், அவன் பணத்தைத் தொடாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அப்பா ஞாபகம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். சட்டைப்பையில் சின்ன நோட்டு, காப்பியிங் பென்சில். ‘சனி ராத்திரி 4’ என்று மட்டும் எழுதியிருப்பார். சம்பள நாளில் அம்மா அந்த நோட்டையும் கவரையும் பக்கத்தில் வைத்து, எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகக் கூட்டுவார். குறைந்தால் அப்பா ஒன்றும் பேசமாட்டார். அந்த வரியின் மேல் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. கோடுகளை இப்போதும் எண்ண முடியும். அப்பாவைப் போலவே ஒருவனை நிற்க வைத்து, அவன் வரியில் நானே கோடு போட்டுவிட்டேன்.

நான் எழுதிக் கொடுத்திருக்கும் வாசகம் இதுதான்: ‘ஷிப்ட் தொடங்கிய தேதியே அந்த வேலையின் தேதி. மாற்று ஆள் வராமல் நிறுத்தப்பட்டவருக்கு, ஷிப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து இரட்டிப்பு ஓ.டி. கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் அன்றே காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஷிப்ட் முடிந்து வெளியேறியபின் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அந்த வாரம் கிடைக்காவிட்டால், ஓ.டி.யுடன் ஒரு முழு நாள் காம்ப் ஆஃபும் கொடுக்க வேண்டும். தேதியை மேலாளர் குறித்துக் கொடுக்க வேண்டும்.’ ஒரு ‘லாம்’ கிடையாது. இதைச் சோதிக்கவும் வழி சொன்னேன். பழைய பஞ்ச் பதிவு மூன்றை எடுத்து, ஒரு சூப்பர்வைசரிடமும் பேரோலில் ஒருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். இருவரும் எழுதும் ரூபாய் ஒன்றாக வரும்வரை வாக்கியத்தைத் திருத்துங்கள். ‘பார்க்கலாம்’ என்றார்கள்.

நேற்றுக் காலையும் மாற்று ஆள் வரவில்லை. அதே தம்பியிடம்தான் போய் நின்றேன். மறுக்கவில்லை. “ண்ணா, சீட்டுல எந்தத் தேதி போடுவீங்க?” என்று கேட்டான். இரண்டு தேதியும் போட்டேன். போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு பாய்லர் பக்கம் போனான்.