30 நாள் கணக்கு நமக்கில்லை

"செக் திரும்பினால் 30 நாளுக்குள் லோயர் நோட்டீஸ் போகவேணும், இல்லாட்டி காசு போச்சு."

இப்படி எழுதிய தம்பிக்கு: நோட்டீஸ் அனுப்புவது நல்லதுதான். ஆனால் அந்த 30 நாள் இந்தியச் சட்டத்தின் 138 ஆம் பிரிவில் வருவது, யூடியூபில் கேட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் எழுதிய செக்கிற்கு அது பொருந்தாது. இங்கே செக்கை வைத்து வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. அவசரம் வேறு இடத்தில்: கடனுக்குக் கொடுத்த சாமான் கணக்கை மட்டும் வைத்து வழக்காட ஒரே ஒரு வருடம்தான். அதனால் அசல் செக்கையும், அது ஏன் திரும்பியது என்று வங்கி எழுதித் தந்த துண்டையும், செக் எழுதியவர் "மாற்றித் தாறன்" என்று சொல்வதை நம்பி அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

85,000 ரூபாய் செக் திரும்பிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்ட சுன்னாகத்து அண்ணையின் விஷயத்துக்கு வருவோம். துண்டில் "Refer to Drawer", அதாவது செக் எழுதியவரைக் கேளுங்கள், என்றிருந்தால் முதலில் ஒரு போன், பிறகு கையெழுத்தோடு தவணைக் கடிதம். "Account Closed" என்றால் நினைவூட்டலில் நாளைக் கழிக்காமல் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க நடைமுறை வழக்கு.

12,000 ரூபாய் செக் திரும்பியதற்குப் பொலிசுக்குப் போகலாமா என்று கேட்ட அக்காவுக்கு: அதைக் குற்றமாக்கும் 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதினார் என்பதைக் காட்டவேணும். நானென்றால் அந்தக் காசைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, செக் தந்தவருக்கு இனிக் கைக்காசுக்குத்தான் சாமான் கொடுப்பேன்.