சராசரியை வைத்து ஆளை எடை போடுகிறவர்கள்

"எங்களுக்கு யார் மேலேயும் வெறுப்பு கிடையாது சார். அனுபவத்தில் பார்த்ததை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம்." வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் வெறுப்பே இல்லாமலும் ஒருவருக்கு அநியாயம் நடக்கும் என்பதைப் பொருளாதாரம் ஐம்பது வருடங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டது.

1972-ல் பொருளாதார அறிஞர் எட்மண்ட் ஃபெல்ப்ஸ் எழுதிய கணக்கு அது. எண்கள் என்னுடையவை. ஒரு கம்பெனித் தேர்வில் இரண்டு பேர் ஆளுக்கு 80 மார்க் வாங்குகிறார்கள். ஒருவர் சார்ந்த குழுவின் சராசரி 60, இன்னொருவர் குழுவின் சராசரி 50 என்று முதலாளி நம்புகிறார். தேர்வு அவ்வளவு துல்லியமானது இல்லை, அதனால் அதைப் பாதிதான் நம்புகிறார். மீதிப் பாதிக்குச் சராசரியை எடுத்துக்கொள்கிறார். முதல் ஆளுக்கு 70, இரண்டாவது ஆளுக்கு 65. ஒரே விடைத்தாள், ஒரே மார்க், ஆனால் வேலை முதல் ஆளுக்கு. இதே தேர்வை 90 சதவீதம் நம்பலாம் என்றால்? 78, 77. வித்தியாசம் ஐந்திலிருந்து ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது, ஆளைப் பற்றி நேரடியாகத் தெரிவது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவருடைய கூட்டத்தின் சராசரி அவர் தலையில் ஏறுகிறது.

இது எவ்வளவு தூரம் உண்மை என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் காட்டிவிட்டது. அங்கே பல வேலை விண்ணப்பங்களில் "குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "ஆம்" என்று டிக் அடித்தவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்துவிடும். சிறையிலிருந்து வந்தவர்களுக்கும், குறிப்பாகக் கறுப்பின இளைஞர்களுக்கும் கதவு திறக்கட்டும் என்று பல ஊர்களில் அந்தக் கட்டத்தையே நீக்கினார்கள். நியூ ஜெர்சியிலும் நியூ யார்க் நகரத்திலும் 2015-ல் நீக்கினார்கள். நல்ல எண்ணம்தான்.

அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் என்ற இரு ஆய்வாளர்கள் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை ஆன்லைனில் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதியில் ஒப்பான இளைஞர்கள், ஆனால் பெயரைப் பார்த்தால் வெள்ளையரா கறுப்பரா என்று ஊகித்துவிடலாம். கட்டம் இருந்த நிறுவனங்களில் முன்பு வெள்ளைப் பெயர்களுக்கு 7 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. கட்டம் போன பிறகு அதே இடைவெளி 43 சதவீதம் ஆனது.

ஏன் என்று யோசித்தால் வயிறு எரிகிறது. முன்பு ஒரு கறுப்பின இளைஞன் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்து, தன் மேல் வழக்கே இல்லை என்று காட்ட முடிந்தது. அந்த ஒரு டிக் பறிபோனதும், முதலாளி பெயரைப் பார்த்து ஊகிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஊகமும் சரியில்லை. இரு இனத்தாருக்கும் இடையே தண்டனை விகிதத்தில் உண்மையில் உள்ள வித்தியாசத்தை முதலாளிகள் மிகைப்படுத்தி நினைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் விளக்கம். சராசரி என்று நாம் சொல்வது பல நேரம் எண்ணிப் பார்த்த சராசரி இல்லை, மனசில் பதிந்துபோன ஒன்று. அதை யாரும் சரிபார்ப்பதும் இல்லை, ஏனென்றால் கூப்பிடாத ஆள் எப்படி வேலை செய்திருப்பான் என்று கடைசி வரை தெரியப்போவதில்லை.

அப்படியென்றால் பழையபடி கட்டத்தைப் போட்டுவிடலாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. கட்டம் இருந்தபோது தண்டனை இல்லாதவர்களுக்கு 63 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது, அதாவது திருந்தி வந்தவனுக்கு வழி வெகுவாகக் குறுகிவிட்டது. என் வாதம் வேறு. ஒரு தகவலை மறைத்தால் அந்த இடத்தில் வேறு நல்ல தகவலை வைத்தாக வேண்டும். வேலையையே கொஞ்சம் செய்து காட்டச் சொல்லும் சோதனை, முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை, இப்படி ஏதாவது. இங்கே ஒரு பயம் எழும்: சோதனையில் பின்தங்கிய பிரிவினர் சராசரியாகக் குறைவாக வாங்கினால் அவர்கள் வெளியே தள்ளப்படுவார்களே? ஆய்வாளர்கள் டேவிட் ஆட்டரும் டேவிட் ஸ்கார்பரோவும் ஒரு பெரிய அமெரிக்கச் சில்லறைக் கடைத் தொடரில் இதைத்தான் பார்த்தார்கள். சிறுபான்மையினரின் சராசரி மார்க் குறைவுதான். ஆனாலும் சோதனை வந்த பிறகு அவர்களை எடுப்பது குறையவில்லை, எடுக்கப்பட்டவர்கள் வேலையில் நீடித்த காலமும் கூடியது. ஏனென்றால் சோதனை வருவதற்கு முன்பே மேனேஜர்கள் மனசுக்குள் அந்தக் குறைவைக் கழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சோதனை புதிதாகச் செய்தது, அந்தக் கூட்டத்துக்குள் யார் நன்றாகச் செய்வார் என்று பிரித்துக் காட்டியதுதான்.

நம் ஊர் இண்டர்வியூக்களில் பெண்களிடம் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிறார்களே, அதற்கும் இதே கணக்குதான். 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமானது. இஎஸ்ஐ வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கு அந்த விடுப்புக் காலச் சம்பளத்தை அவருடைய முதலாளியே தர வேண்டும். கேள்வியைத் தடை செய்தால் மட்டும் போதாது, ரெஸ்யூமில் இருக்கும் வயதே பதில் சொல்லிவிடும். அந்தச் செலவை ஒரே முதலாளி தலையில் கட்டாமல், இஎஸ்ஐ போல எல்லோரும் பங்கு போடும் நிதியிலிருந்து கொடுத்தால், அவர் ஊகிக்க வேண்டிய காரணமே பெருமளவு போய்விடும்.