ஒரு சுவர்தான் கேட்டேன்

சுவருக்கு வண்ணம் அடிக்க ஹவுஸ் ஓனர் அனுமதி மறுத்ததைப் பற்றிச் சனிக்கிழமை போட்ட பதிவுக்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "வாடகைக்கு வந்தவங்க வாடகைக்கு வந்தவங்க மாதிரி இருங்க" என்று ஒருவர் எழுதியதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வீட்டை இடிக்கக் கேட்கவில்லை. ஒரு சுவருக்கு வண்ணம் அடிக்க அனுமதி கேட்டேன். காலி பண்ணும்போது பழையபடி வெள்ளை அடித்துக் கொடுக்கிறேன் என்று எழுதியும் கொடுத்தேன். கூடவே அம்மா பிடித்துக்கொள்ளப் பாத்ரூமில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தவும் கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஏன் கேட்டேன் என்பதைப் பலரும் படிக்காமலே திட்டியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு க்ளௌகோமா. கண் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் வெள்ளைமேல் வெள்ளை இருந்தால் அவருக்குப் பிரித்துத் தெரியாது. எங்கள் வீட்டில் சுவர் வெள்ளை, பாத்ரூம் கதவு வெள்ளை, நிலை வெள்ளை, சுவிட்சுப் பலகையும் வெள்ளை. ராத்திரி எழுந்தால் கையால் சுவரைத் தடவிக்கொண்டே போகிறார். போன மாதம் நிலையில் மோதி நெற்றியில் புடைத்துவிட்டது. கதவு இருக்கும் சுவர் மட்டும் கொஞ்சம் அழுத்தமான நீலப்பச்சையாக இருந்தால், வெள்ளை நிலையும் சுவிட்சுப் பலகையும் தனியாக எடுத்துத் தெரியும். கண் மருத்துவமனையில் சொன்ன யோசனைதான் இது. அலங்காரத்துக்கு யாரும் கேட்கவில்லை.

சுவர் 10 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். எங்களுக்குத் தெரிந்த பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்தார். முதலில் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்தார். கையில் வெள்ளை மாவு ஒட்டவில்லை. "சுண்ணாம்பு இல்லைம்மா, எமல்ஷன்தான். பயமில்லாம மேலே அடிக்கலாம்" என்றார். மாவு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்காமல் எது அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் தோல் தோலாக உரியும் என்பதையும் அவரே சொன்னார். பிறகு கணக்குப் போட்டார். திரும்ப வெள்ளைக்குக் கொண்டுவர ஒரு லிட்டர் பிரைமர், இரண்டு லிட்டர் எமல்ஷன், ஆணி ஓட்டைகளுக்குக் கொஞ்சம் பட்டி, உப்புத்தாள், ஒன்றரை நாள் கூலி. எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய். நான் கருநீலம்தான் கேட்க நினைத்தேன். அவர்தான் தடுத்தார். கருநீலமும் சிவப்பும் வெள்ளைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும், மூன்று நாலு கோட்டு இழுக்கும், நடுத்தரமான நிறம் என்றால் ஒரு பிரைமர், இரண்டு கோட்டில் மறைந்துவிடும் என்றார். திருப்பிக் கொடுப்பதை மனதில் வைத்துத்தான் நிறத்தையே தேர்ந்தெடுத்தோம். இதைவிட என்ன பொறுப்பாக இருக்க முடியும்?

கடிதத்தில் எந்தச் சுவர், எந்த நிறம், யார் அடிப்பது என்று எழுதினேன். தேதியோடு நாலு படம் வைத்தேன். வீட்டுக்கு ஏற்கெனவே அடித்த வெள்ளையின் டப்பா மொட்டை மாடியில் கிடந்தது. மூடியில் இருந்த நிற எண்ணைக் குறித்துக்கொண்டேன். காலி பண்ணுவதற்கு ஒரு வாரம் முன்பே வெள்ளை அடித்துவிடுவேன், செய்யாவிட்டால் அட்வான்ஸிலிருந்து ஆறாயிரம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். ஆகிற செலவுக்கு இரண்டு மடங்கு அது.

ஹவுஸ் ஓனர் பதினைந்து வினாடி பேசினார். "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க மேடம். வேண்டாம், விட்டுடுங்க." அவ்வளவுதான்.

முன்னாடி இருந்தவர்கள் பெட்ரூமுக்கு அடர் ஊதா அடித்துவிட்டு, போகும்போது அதன்மேல் ஒரு கோட்டு மலிவு டிஸ்டம்பரைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் நஷ்டப்பட்டது உண்மை. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் ஏமாற்றியதற்கு என் அம்மா ஏன் நெற்றியில் புடைப்போடு நடக்க வேண்டும்?

"அவர் வீடு, அவர் இஷ்டம்" என்கிறீர்கள். சரி. அவர் வீடுதான். நான் இல்லை என்று எங்கே சொன்னேன்? ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சென்னையில் வீடு காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்களா இல்லையா? எங்கள் அக்ரிமெண்ட்டிலேயே அந்த வரி இருக்கிறது. சுவர் பளிச்சென்று இருந்தாலும் பிடிப்பார்கள், அழுக்காக இருந்தாலும் பிடிப்பார்கள். அப்படியென்றால் அந்தச் சுவருக்கு எப்படியும் என் காசில்தான் வெள்ளை அடிக்கப்போகிறார்கள். இடையில் இருக்கும் மூன்று வருடம் அது என்ன நிறத்தில் இருந்தால் என்ன?

சட்டம் படிக்கச் சொன்னவர்களுக்காகப் படித்தேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவு. வீட்டை வாங்கிக்கொண்ட நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்கிறது. குத்தகைக்காரர் தான் பொருத்தியதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், இடத்தைப் பழைய நிலையில் விட்டால் போதும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்றே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம், எழுதியும் வாங்கிக்கொள்கிறார்கள். அனுமதி இல்லாமல் அடிக்கலாம் என்று நான் வாதாடவில்லை. அதனால்தான் கேட்டேன்.

"போகும்போது யாரும் செய்ய மாட்டாங்க" என்று எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் செய்திருக்கிறேன். 2016இல் தாம்பரம் வீட்டைக் காலி பண்ணினோம். பையன் அறையில் ஒரு சுவர் வெளிர் மஞ்சள். அனுமதி கேட்டு அடித்தது. அந்த ஓனர் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார், "போகும்போது வெள்ளையாக்கிடு கண்ணு" என்று. எங்களுக்கு அப்போது விவரம் தெரியாது. சுவர் முழுக்க வெள்ளை அடித்த பிறகு, பையன் படங்களை மாட்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் விட்டுப்போயிருப்பதைப் பார்த்தோம். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, அந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு வெள்ளையைத் தொட்டு வைத்தோம். காலையில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்ததும், அந்த இரண்டு சாணும் தேமல் மாதிரி தனியாகத் தெரிந்தன. ஒரே டப்பா, ஒரே நிறம். ஆனாலும் பட்டி வைத்த இடம் பெயிண்டை வேறு மாதிரி உறிஞ்சும், தூரிகை இழுத்த இடமும் உருளை ஓட்டிய இடமும் வேறு வேறாக மின்னும். லாரி மறுநாள் காலை வருகிறது. ராத்திரி பதினோரு மணி வரை நானும் என் கணவரும் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை சுவர் முழுவதையும் மறுபடி அடித்தோம். சாவி கொடுக்கும்போது அந்த அம்மா எது மஞ்சள் சுவர் என்று கேட்டார். காட்டினேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு அட்வான்ஸை முழுசாக எண்ணிக் கொடுத்தார். அதனால்தான் இந்த முறை கடிதத்தில் "முழுச் சுவரும், மூலைக்கு மூலை" என்று எழுதினேன். யாரும் செய்ய மாட்டார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

இன்னொருவர், "பெயிண்ட் சரி, பாத்ரூம் டைல்ஸில் துளை போடக் கேட்டீங்களே, அதை எப்படித் திருப்பித் தருவீங்க" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கைப்பிடிக் கம்பிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று திருகு, மொத்தம் ஆறு துளை. டைலுக்கான டிரில் பிட்டை மாட்டி, டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு மெதுவாகத் துளை போட்டால் விரிசல் விடாது. தண்ணீர் உள்ளே இறங்காமல் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். கழற்றிய பிறகு வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தாலும் ஆறு புள்ளிகள் தெரியத்தான் செய்யும். பழையபடி ஆக்க முடியாது. அதை நான் மறைக்கவில்லை. கடிதத்தில் தனியாக எழுதினேன்: பெயிண்டை முழுசாகத் திருப்ப முடியும், இதை முடியாது, அதனால் கம்பியை வீட்டுக்கே விட்டுவிட்டுப் போகிறேன், அல்லது அந்த இரண்டு டைலையும் மாற்றித் தருகிறேன் என்று. உண்மையைச் சொன்னதுதான் எனக்கே எதிராகப் போய்விட்டது போலிருக்கிறது. துளை போடாமல் உறிஞ்சு ரப்பரால் ஒட்டும் கம்பி கடையில் இருக்கிறதே என்கிறார்கள். ஈர டைலில் அது எப்போது பிடி விடும் என்று யாருக்கும் தெரியாது. அறுபத்தெட்டு கிலோ அம்மாவை அதில் தொங்கவிட நான் தயாராக இல்லை.

ஆணியே அடிக்கக் கூடாது என்று ஒட்டும் கொக்கி வைக்கச் சொன்னதும் இதே ஓனர்தான். சாமி படத்துக்கு ஒன்று ஒட்டினோம். போன வாரம் கொக்கி விழுந்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் பட்டியும் பேர்த்துக்கொண்டு வந்தது. ஒரு ஆணி ஓட்டை என்றால் சுண்டுவிரல் நுனிப் பட்டியில் அடைந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்கும் நான்தான் காசு கொடுப்பேன்.

"கேட்டதுதான் தப்பு, பேசாம அடிச்சிருக்கணும்" என்று உள்பெட்டியில் பத்துப் பேராவது சொன்னார்கள். அதுதான் அதிகம் வலித்தது. கேட்காமல் அடிப்பவர் நிம்மதியாக இருக்கிறார். கேட்டு, எழுதிக் கொடுத்து, பணத்தையும் பிணையாக வைப்பவருக்குப் பதினைந்து வினாடி. பன்னிரண்டு வருடமாக எந்த வீட்டிலும் ஒரு நாள் வாடகை தள்ளிப்போனதில்லை. ஐந்தாம் தேதிக்கு முன்னால் போய்விடும். "சொந்த வீடு வாங்கிக்கங்க" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அப்பாவின் மருத்துவச் செலவில் அந்தப் பணம் போன கதையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. எழுத வைக்காதீர்கள்.

இப்போதைக்கு அம்மாவின் பழைய மெரூன் புடவையை மடித்துப் பாத்ரூம் கதவுக் கைப்பிடியில் கட்டிவைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி எழுந்தவர் அதைப் பார்த்துத்தான் நடந்தார். சுவிட்சு இன்னும் தெரியவில்லை, தடவித்தான் போட்டார். கடிதத்தில் டைல் பத்தியை எடுத்துவிட்டு, பிணைத் தொகையை எட்டாயிரமாக மாற்றி, அந்தத் தாம்பரம் ஓனர் அம்மாவின் தொலைபேசி எண்ணையும் அவரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறேன். நாளைக்கு வாடகை அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பப்போகிறேன்.