மேல் குற்றி வழுக்கும் எல்லை 8 நியூற்றன் அல்ல

ஒப்பமான மேசையில் 4 கிலோகிராம் குற்றி, அதன் மேல் 2 கிலோகிராம் குற்றி; கீழ்க் குற்றியைக் கிடையாக இழுக்கும் கணக்குக்கு வந்த ஒரு விடை:

"குற்றிகளுக்கிடையே எல்லை உராய்வு 8 நியூற்றன் என்பதால், கீழ்க் குற்றியை அதற்கு மேல் இழுத்தால் மேல் குற்றி வழுக்கும்."

நிலையாகப் பொருத்திய கீழ்க் குற்றியின் மீது மேல் குற்றியை இழுத்தால்தான் இது சரி. இங்கு மேசை ஒப்பமானது. 2 கிலோகிராம் மேல் குற்றியை முன்னே கொண்டுசெல்வது உராய்வு மட்டுமே என்பதால், அதன் உச்ச ஆர்முடுகல் 4 மீ/செ². கீழே 4 கிலோகிராம், மொத்தம் 6 கிலோகிராம். எனவே 24 நியூற்றன் வரை இரண்டும் சேர்ந்தே நகரும்.

30 நியூற்றனுக்குச் சேர்ந்து நகர 10 நியூற்றன் உராய்வு தேவை. அது கிடைக்காது, வழுக்கும். வழுக்கியபின்னும் 8 ஐயே பிரதியிடுவது நம் வெள்ளவத்தை வகுப்புகளில் அடிக்கடி காணும் பிழை. இயக்க உராய்வுக் குணகம் 0.3 ஆதலால் உராய்வு 0.3 × 20 = 6 நியூற்றனே, ஆர்முடுகல்கள் மேலே 3, கீழே 6.

கீழ்க் குற்றிக்குப் பதில் மேல் குற்றியை இழுத்தால், கீழ்க் குற்றியின் உச்ச ஆர்முடுகல் 8/4 = 2 மீ/செ² என்பதால், சேர்ந்து நகரும் எல்லை 12 நியூற்றன். மேசை கரடானால் என்னவாகும் என்று நண்பர் ஒருவர் எழுப்பிய ஐயம் நியாயமானது; மேசையின் குணகம் தரப்படாமல் அதைத் தீர்க்க இயலாது.